கையெழுத்து என்னுடையதுதான், சம்மதம்?

சார் பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி நினைவிருக்கும். "இந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தது நீங்கதானே? கையெழுத்து உங்களோடதுதானே?" எழுதிக் கொடுப்பவர் "ஆமாங்க" என்கிறார். கேமராவைப் பார்க்கிறார், விரல் ரேகை வைக்கிறார், வெளியே வருகிறார். சில நிமிடங்களில் ஒரு வீடு கைமாறிவிடுகிறது.

அவர் சொன்ன பதில் பொய்யல்ல. கையெழுத்து அவருடையதுதான். ஆனால் அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பதைப் பதிவாளர் விசாரிப்பதில்லை; அது அவருடைய வேலையும் அல்ல. மிரட்டல் வந்தது முந்தைய நாள் இரவாக இருக்கலாம். "நான்தானே உன்னைப் பாத்துக்குறேன்" என்ற பேச்சு ஆறு மாதமாகக் காதில் ஓதப்பட்டிருக்கலாம். அதையெல்லாம் விசாரிக்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம். "பதிவாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று நம்பி ஒதுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது தவறான நம்பிக்கை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சம்மதம் இருந்தால் போதும் என்று விட்டுவிடவில்லை. அது சுயேச்சையான சம்மதமாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதத்தைக் கெடுக்கும் காரணங்களில் இரண்டை இங்கே பார்ப்போம். ஒன்று நிர்பந்தம், அதாவது பயத்தைக் காட்டி வாங்குவது. மற்றொன்று தகாத செல்வாக்கு, அதாவது ஒருவர் நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையையோ, நம்மைச் சார்ந்திருக்கும் நிலையையோ பயன்படுத்தி வாங்குவது. முதலாவது எதிரியிடமிருந்தும் வரும், இரண்டாவது பெரும்பாலும் நெருங்கியவர்களிடமிருந்தே வருகிறது.

இந்த இரண்டில் எது நடந்திருந்தாலும் பத்திரம் தானாகச் செல்லாமல் போய்விடாது. அது ரத்து செய்யத்தக்க பத்திரமாகிறது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் நீதிமன்றம் அதை நீக்கலாம். அவர் கேட்காமலே இருந்துவிட்டால் பத்திரம் நின்றுவிடும். இதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பல வழக்குகள் தோற்பது இந்த இடத்தில்தான்.

பிணத்தை எடுக்க விடாதவர்கள்

நிர்பந்தம் என்றால் என்ன என்பதற்குச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லப்படும் முதல் உதாரணம் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 1889-இல் முடிந்த வழக்கு. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் கணவர் இறந்துபோனார். சடலம் வீட்டில் கிடக்கிறது. ஒரு சிறுவனை அந்தப் பெண் தத்து எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவரை சடலத்தை எடுக்க விடமாட்டோம் என்று தடுத்தார்கள். அவள் தத்தெடுத்தாள். பின்னாளில் வழக்கு வந்தபோது, அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அங்கே அவளை யாரும் அடிக்கவில்லை. கத்தியைக் காட்டவில்லை. ஆனால் ஒரு சடலத்தின் இறுதிச் சடங்கைத் தடுப்பது குற்றம். ஒப்பந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு நிர்பந்தத்தை அப்படித்தான் வரையறுக்கிறது. குற்றவியல் சட்டம் தடை செய்த ஒரு செயலைச் செய்வது, அல்லது செய்வேன் என்று மிரட்டுவது. ஒருவருடைய சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துக்கொள்வது, அல்லது பிடித்து வைப்பேன் என்று மிரட்டுவது. இவற்றில் ஒன்றைச் செய்து ஒருவரை ஒப்பந்தத்துக்கு இணங்க வைத்தால் அது நிர்பந்தம். மிரட்டல் கையெழுத்துப் போடுகிறவரை நோக்கித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "உன் மகனை விடமாட்டேன்" என்று தந்தையிடம் சொல்லி வாங்கிய பத்திரமும் இதில் அடங்கும்.

சொத்தைப் பிடித்து வைப்பதற்கும் சென்னையிலிருந்தே ஒரு வழக்கு உண்டு. 1927-இல் முடிந்தது. செட்டியார் ஒருவருடைய தொழிலைக் கவனித்துவந்த ஏஜெண்டின் தவணைக் காலம் முடிந்தது. கணக்குப் புத்தகங்களைப் புதிய ஏஜெண்டிடம் ஒப்படைக்க அவர் மறுத்தார். தன்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் புத்தகங்கள் வரும் என்றார். முதலாளி வேறு வழியின்றி எழுதிக் கொடுத்தார். அந்த விடுதலை நிர்பந்தத்தால் வாங்கப்பட்டது, அவரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. அசல் கல்விச் சான்றிதழ்களைப் பூட்டி வைத்துக்கொண்டு "இதில் கையெழுத்துப் போட்டால் தருகிறேன்" என்று எவராவது சொல்வதை இன்று நாம் கேள்விப்பட்டால், இந்தப் பழைய வழக்கை நினைவுகூரலாம்.

1917-இல் இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று அதே நீதிமன்றத்துக்கு வந்தது. ஒருவர் தன் மனைவியிடமும் மகனிடமும், அவர்கள் தங்களுடையது என்று சொல்லிவந்த சொத்தைத் தன் தம்பிக்கு விட்டுக் கொடுக்கும்படி கேட்டார். இல்லாவிட்டால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்றார். அவர்கள் பயந்து விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். இது நிர்பந்தமே என்று தலைமை நீதிபதி வாலிஸும் நீதிபதி சேஷகிரி அய்யரும் கருதினார்கள். நீதிபதி ஓல்ட்ஃபீல்ட் உடன்படவில்லை. தற்கொலை முயற்சிக்குத்தான் தண்டனை உண்டு, தற்கொலைக்கு இல்லை, எனவே பிரிவின் சொற்களை அந்த அளவுக்கு இழுக்கக் கூடாது என்பது அவர் வாதம். பெரும்பான்மைக் கருத்தே நின்றது.

இன்று அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறவர் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-ஆவது பிரிவு இல்லை. அரசு ஊழியரை அவர் கடமையிலிருந்து தடுப்பதற்காகச் செய்யும் முயற்சி மட்டுமே குற்றமாக இருக்கிறது. எனவே குடும்பத்துக்குள் வரும் இத்தகைய மிரட்டலை நிர்பந்தம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், தகாத செல்வாக்கு என்றும் சேர்த்துச் சொல்வது பாதுகாப்பானது.

எல்லா அழுத்தமும் நிர்பந்தமாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். "பணத்தைத் திருப்பித் தராவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன்" என்பது கடன் கொடுத்தவரின் உரிமை. பொய்ப் புகார் கொடுத்து உள்ளே தள்ளுவேன் என்பது வேறு கதை. முன்னதற்குப் பயந்து எழுதிய பத்திரம் நிற்கும். பின்னதற்குப் பயந்து எழுதியதை நீக்கலாம்.

பயமே இல்லாமல் போடும் கையெழுத்து

தகாத செல்வாக்கு இதைவிட நுட்பமானது. இங்கே மிரட்டல் இருக்காது. சில சமயம் கையெழுத்துப் போட்டவர் அன்று சந்தோஷமாகவே போட்டிருப்பார். 16-ஆவது பிரிவு இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. ஒருவர் மற்றவருடைய மனத்தை ஆளக்கூடிய இடத்தில் இருந்தாரா? அந்த இடத்தைப் பயன்படுத்தி நியாயமற்ற லாபம் அடைந்தாரா? அதிகாரம் உள்ளவர், நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் ஆகியோரும், முதுமையாலோ நோயாலோ துயரத்தாலோ மனம் தளர்ந்த ஒருவரிடம் பத்திரம் வாங்குகிறவரும் அந்த இடத்தில் இருப்பதாகச் சட்டம் கருதுகிறது. நோயாளிக்கு முன் மருத்துவர், பக்தருக்கு முன் குரு, கட்சிக்காரருக்கு முன் வழக்கறிஞர், படுத்த படுக்கையாக இருக்கும் தாய்க்கு முன் அவரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இது நீதிமன்றத்தில் எப்படிப் போகிறது என்பதைக் காட்ட ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எழுபத்து நான்கு வயது அம்மா. கணவர் இறந்து இரண்டு மாதம். வீடும் மூன்று ஏக்கர் நிலமும் அம்மாவின் பெயரில் இருக்கின்றன. மூத்த மகன் உடன் இருக்கிறார். மகளும் இளைய மகனும் வெளியூரில். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, நடமாட முடியாமல் இருக்கும்போது சொத்து முழுவதையும் மூத்தவர் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிப் பதிகிறார். ஏழு மாதம் கழித்து மகள் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிகிறது. அதற்குள் அம்மாவுக்கு அந்த வீட்டில் சாப்பாட்டுக்கே சண்டை. மகள் அவரை வழக்கறிஞரிடம் அழைத்துப் போகிறார்.

அனுபவமுள்ள வழக்கறிஞர் "உங்களை ஏமாத்திட்டாரா?" என்று தொடங்கமாட்டார். சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்பார்.

"பத்திரம் எழுதுறவரை யாரும்மா ஏற்பாடு பண்ணது?"

"பெரியவன்தான்யா. அவன் கூட்டாளிக்குத் தெரிஞ்சவராம்."

"முத்திரைத்தாள் பணம்?"

"அவன்தான் கட்டுனான்."

"சாட்சி போட்டவங்க?"

"ஒருத்தன் அவன் மச்சான். இன்னொருத்தரை எனக்குத் தெரியாது."

"எழுதுனதை உங்களுக்குப் படிச்சுக் காட்டுனாங்களா? சின்னவரையோ பொண்ணையோ ஒரு வார்த்தை கேட்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சுய்யா. அவங்ககிட்ட சொன்னா நான் உன்னைப் பாத்துக்க மாட்டேன்னுட்டான். எந்திரிச்சு நடக்கவே அவன் கை வேணும் அப்போ."

இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் வழக்கில் ஒரு செங்கல். லாபம் அடைந்தவரே ஆளைப் பிடித்து, பணம் கட்டி, சாட்சியையும் கூட்டி வந்திருக்கிறார். தனக்கென்று நிற்கும் ஒருவரிடம் அம்மா ஆலோசனை கேட்க வழியிருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு மறைக்கப்பட்டது. எல்லாவற்றையும்விடக் கனமானது பத்திரத்தின் உள்ளேயே இருக்கிறது: இருக்க இடம், ஆயுள்கால அனுபவ உரிமை என்று தனக்காக ஒன்றையும் அம்மா நிறுத்திக்கொள்ளவில்லை. நடக்க முடியாத ஒருவர் தலைக்கு மேல் உள்ள கூரை உட்பட எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தார் என்றால், அதைப் படிக்கும் நீதிபதிக்கே கேள்வி எழும்.

அந்தக் கேள்வி எழும் இடத்தில்தான் சட்டம் ஒரு பெரிய உதவியைச் செய்கிறது. பொதுவாக வழக்குப் போட்டவர்தான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். ஆனால் எதிராளி ஆளும் நிலையில் இருந்தார் என்பது நிரூபணமாகி, ஒப்பந்தமும் மனசாட்சிக்கு ஒவ்வாததாகத் தெரிந்தால், பாரம் புரண்டு மறுபக்கம் போய்விடுகிறது. தகாத செல்வாக்கு இல்லை என்று மூத்த மகன்தான் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, நூறு வயதைக் கடந்த ஒரு முதியவர் எழுதிக் கொடுத்த பத்திரத்தைப் பற்றிய வழக்கில், 2003-இல் உச்ச நீதிமன்றம் இந்த நெறியை அழுத்தமாகச் சொன்னது. நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்து பயன் பெற்றவரே அது நேர்மையாக நடந்தது என்று காட்டக் கடமைப்பட்டவர்.

பிள்ளைக்கு எழுதியதெல்லாம் சந்தேகத்துக்குரியதா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒருபக்கமாகிவிடும். தாத்தா பேரனுக்கு எழுதிய தானப் பத்திரம் ஒன்று 1966-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நெருங்கிய உறவு என்பதாலேயே ஒருவர் மற்றவர் மனத்தை ஆண்டார் என்று அனுமானிக்க முடியாது என்றது நீதிமன்றம். பிள்ளைகளில் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கப் பெற்றவருக்கு உரிமை உண்டு. நம் உதாரணத்தில் அம்மா தனக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் தானே போயிருந்தால், ஆயுள் வரை வீட்டில் இருக்கும் உரிமையை எழுதி வைத்திருந்தால், "இவன்தான் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறான், மற்ற இருவருக்கும் முன்பே செய்துவிட்டேன்" என்று காரணம் குறிப்பிட்டிருந்தால், மகன் எளிதில் ஜெயிப்பார். ஜெயிக்கவும் வேண்டும்.

கடுமையான பேரமும் தகாத செல்வாக்கு ஆகாது. சட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பணத் தட்டுப்பாடான காலத்தில் வங்கியாளர் வழக்கத்தைவிட அதிக வட்டி கேட்கிறார், வாங்குகிறவரும் ஒத்துக்கொள்கிறார். அது வியாபாரம். அதன் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம்: ஏற்கெனவே தன்னிடம் கடன்பட்டிருப்பவரிடம் ஊர் லேவாதேவிக்காரர் படுமோசமான நிபந்தனைகளோடு மறு கடன் எழுதி வாங்குகிறார். அங்கே பாரம் லேவாதேவிக்காரர் மேல். வட்டி விகிதத்தைவிட, மறுத்துவிட்டு எழுந்து போகும் வழி ஒருவருக்கு இருந்ததா என்பதுதான் இந்த இரண்டையும் பிரிக்கிறது.

ரத்து கேட்பது எப்படி?

எழுதிக் கொடுத்தவர் தானாகச் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ஒரு ரத்துப் பத்திரம் பதிந்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சொத்து ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, ஒருதரப்பாகப் பதியும் ரத்து பயன் தராது. பத்திரத்தை ரத்து செய்யக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும்.

வழக்கின் பிராதில் "நிர்பந்தித்தும் தகாத செல்வாக்கு செலுத்தியும் ஏமாற்றியும் வாங்கினார்" என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டுவது பொதுவான தவறு. யார், எந்தத் தேதியில், எங்கே, என்ன சொன்னார், என்ன செய்தார் என்று விவரமாக எழுத வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. நிர்பந்தமும் தகாத செல்வாக்கும் மோசடியும் வெவ்வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், மேம்போக்கான குற்றச்சாட்டு போதாது என்று 1951-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, அந்த நாட்களின் வாட்ஸ்அப் செய்திகள், முத்திரைக் கட்டணம் யார் கணக்கிலிருந்து போனது என்பது, அடுத்த வீட்டுக்காரர் சாட்சியம் ஆகியவை இங்கே பேசும்.

அடுத்தது காலம். காலவரையறைச் சட்டப்படி, பத்திரத்தை ரத்து செய்யக் காரணமான விவரங்கள் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். மிரட்டப்பட்டவருக்கு, மிரட்டப்பட்டது அன்றே தெரியும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் பத்திரத் தேதியிலிருந்தே மூன்று ஆண்டுகளைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. இடைப்பட்ட காலத்தில் அழுத்தம் நீங்கிய பிறகும் அந்தப் பத்திரத்தை ஏற்று நடந்துகொண்டால், அதன்படி பணம் வாங்கினால், பத்திரத்தை ஒப்புக்கொண்டதாகவே பார்க்கப்படும். அதற்குள் சொத்து விவரம் தெரியாத ஒருவருக்கு விற்கப்பட்டுவிட்டால் சிக்கல் பல மடங்காகும். வழக்கு போட்ட பிறகு வாங்குகிறவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்பதால், சீக்கிரம் போவதே பாதுகாப்பு. கூடவே விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்பார்கள்.

ரத்து என்றால் வாங்கியதை வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. சட்டம் தரும் உதாரணமே தெளிவானது. விவசாயி ஒருவருக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, தகாத செல்வாக்கால் இருநூறு ரூபாய்க்கு மாதம் ஆறு சதவீத வட்டியோடு பத்திரம் எழுதி வாங்குகிறார் ஒருவர். நீதிமன்றம் பத்திரத்தை நீக்கும். ஆனால் அந்த நூறு ரூபாயை நியாயமான வட்டியோடு திருப்பிக் கொடுக்கச் சொல்லும். இருவரையும் பழைய இடத்தில் கொண்டு நிறுத்துவதே நோக்கம்.

முதியவர்களுக்கு இன்னொரு வழி

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம் தவிர வேறொரு கதவும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்வது இது: தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு முதியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ நிர்பந்தத்தாலோ தகாத செல்வாக்காலோ பெறப்பட்டதாகவே கருதப்படும். அழுத்தம் கொடுத்தார் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம்.

இங்கே எல்லாம் அந்த நிபந்தனையில்தான் நிற்கிறது. நிபந்தனை இருந்ததாகவே சொல்லப்படாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில், கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் சேர்த்துப் படித்து, தானப் பத்திரத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. முதியவர்களைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

ஆகவே பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்த, பிள்ளை காட்டாத ஒருவரிடம் பத்திரத்தை முதலில் படித்துக் காட்டுங்கள். "என் ஆயுள் வரை இந்த வீட்டில் குடியிருப்பேன், என்னை உணவும் மருந்தும் கொடுத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் ரத்தாகும்" என்ற மூன்று வாக்கியங்களைப் பத்திரத்துக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். அன்போடு பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள், பத்திரத்தின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.